பாராட்டினால் கிண்டல் என்கிறார்கள்: எமோஜியும் நிறுத்தக்குறியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே இருக்கும் கேள்விகள் எல்லாம் ஒரே வகை. நல்லெண்ணத்தோடு எழுதிய பாராட்டு, படித்தவருக்குக் குத்தலாகத் தெரிந்திருக்கிறது. நெருங்கிய நண்பர்களுக்குள் இது அதிகம் நடக்காது. உங்கள் குரலையே கேட்டிராத ஒருவருக்கு நாலு வார்த்தையில் கமெண்ட் எழுதும்போதுதான் சிக்கல். பதில்களும் அந்தச் சூழலுக்கு மட்டுமே.

"மனசாரப் பாராட்டித்தான் எழுதினேன். 'கிண்டல் பண்றீங்களா'ன்னு கேக்குறாங்க. அப்படி என்ன எழுதிட்டேன்?"

எழுதும்போது உங்கள் மனதுக்குள் உங்கள் குரலும் சேர்ந்தே ஓடுகிறது. அதனால் வரியில் இல்லாத தொனியும் இருப்பதுபோல உங்களுக்குக் கேட்கும். படிப்பவருக்குக் கிடைப்பது வெறும் எழுத்து.

ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்டோர் 2005ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. சிலரை விட்டு சில வாக்கியங்களை உண்மையாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். வேறு சிலரை அதையே குரலில் சொல்லச் சொன்னார்கள். எது கிண்டல், எது நிஜம் என்று நூற்றுக்கு 78 முறையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் 73 முறை சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் சொன்னது 56தான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வந்துவிடும்.

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் கிண்டல் செய்வதே பெரும்பாலும் பாராட்டு வேஷத்தில்தான். வஞ்சப்புகழ்ச்சி அணி என்று பள்ளியில் படித்தோமே, அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே தினமும் பயன்படுத்துகிறோம். 'ஆஹா', 'பிரமாதம்', 'என்ன ஒரு அறிவு' எல்லாம் இரண்டு பக்கமும் திரும்பக்கூடியவை. எந்தப் பக்கம் என்பதைக் குரல் காட்டும். குரல் இல்லாதபோது படிப்பவர் பிடித்துக்கொள்வது மிச்சமிருக்கும் அடையாளங்களை: புள்ளி, ஆச்சரியக்குறி, எமோஜி. ஏற்கெனவே கொஞ்சம் பதற்றத்தோடு தன் படைப்பைப் போட்டிருக்கிறவர் என்றால் கெட்ட பக்கத்தையே முதலில் எடுப்பார்.

"ஒரு கமெண்டை எடுத்து, இதுல இதுதான் தப்பு, இப்படி மாத்தணும்னு காட்ட முடியுமா?"

ஒருவர் தான் முதன்முதலாக வரைந்த பென்சில் ஓவியத்தைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் பாட்டியின் படம். மூக்கு கொஞ்சம் கோணல், மற்றபடி கைகள் அழகாக வந்திருக்கின்றன. உங்களுக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறது. நீங்கள் எழுதுவது:

> ஆஹா... என்ன ஒரு ஓவியம்!!! 🙂🙏

இப்போது இதை அவர் இடத்தில் இருந்து படியுங்கள். 'ஆஹா'வுக்குப் பின்னால் மூன்று புள்ளி. எதையோ சொல்ல வந்து விழுங்கியது போல இருக்கிறது. 'என்ன ஒரு ஓவியம்' என்பதில் எது நன்றாக இருக்கிறது என்று எதுவுமே இல்லை. படத்தைப் பார்க்காதவர்கூட இதை எழுதிவிடலாம். மூன்று ஆச்சரியக்குறி, முதல் முயற்சிக்கு அதிகம். அந்த மிகை எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசிப்பார். பிறகு ஒரு 🙂, கண்ணில் சிரிப்பே இல்லாத முகம். கடைசியில் 🙏, 'போதும் சாமி, விட்டுடுங்க' என்றும் படிக்கலாம். இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்திருந்தால் பிரச்சினை வந்திருக்காது. ஐந்தும் சேர்ந்து ஒரே திசையில் தள்ளுகின்றன.

இதில் எமோஜியை மட்டும் மாற்றிப் பாருங்கள்:

> ஆஹா... என்ன ஒரு ஓவியம்!!! 😊

கொஞ்சம் தேவலை, ஆனால் சந்தேகம் போகவில்லை. சந்தேகத்தின் வேர் சொற்களில் இருக்கிறது. புள்ளிகளையும் கூடுதல் ஆச்சரியக்குறிகளையும் எடுத்துவிட்டு, படத்தில் உங்கள் கண் நின்ற இடத்தைச் சொல்லுங்கள்:

> பாட்டியோட விரல் மடிப்புல அந்த நிழல் அவ்ளோ நல்லா வந்திருக்கு! தொட்டுப் பாக்கலாம் போல இருக்கு 😊

இதைக் கிண்டல் என்று படிக்க யாராலும் சுலபத்தில் முடியாது. கிண்டல் செய்கிறவர் விரல் மடிப்பு வரை உற்றுப் பார்ப்பதில்லை. கடைசி 😊 இல்லாவிட்டாலும் வரி நிற்கும், இருந்தால் கொஞ்சம் மென்மை கூடும். நான் எந்தக் கமெண்டுக்கும் வைக்கும் சோதனை இதுதான்: எமோஜியைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். இரண்டு விதமாகப் படிக்க வருகிறதா? வந்தால் மாற்ற வேண்டியது எமோஜி அல்ல, வாக்கியம்.

மூக்கைப் பற்றி ஏதாவது சொல்லணுமா என்றால், அவர் கேட்காதவரை வேண்டாம்.

"🙂 சிரிக்கிற முகம்தானே? அதுல என்ன குத்தம்?"

பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் 😊 முகத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 😊 முகத்தில் கண்கள் வளைந்து மூடியிருக்கும், கன்னம் சிவந்திருக்கும். மனிதர்கள் நிஜமாகச் சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து சுருங்கும். 🙂 முகத்தில் வாய் மட்டும் லேசாக வளைகிறது, கண் அப்படியே நேராகப் பார்க்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு 'சரிங்க' என்று சொல்கிறவரின் முகம்.

யூனிகோடில் 😊 2010லேயே வந்துவிட்டது, 🙂 சேர்ந்தது 2014ல். அடுத்த ஆண்டே 🙃 வந்தது. தலைகீழ் முகம் கிட்டத்தட்ட ஆரம்பத்திலிருந்தே 'நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே' என்ற பொருளில்தான் புழங்குகிறது. அதனால் பாராட்டில் 🙃 வைக்கவே கூடாது என்பேன். 🙂 விஷயத்தில் வயது வித்தியாசம் இருக்கிறது. வயதில் மூத்தவர்கள் பலர் அதை வெறும் புன்னகையாகவே வைக்கிறார்கள். இளையவர்கள் பலருக்கு அது எரிச்சல். உங்களுக்கு யார் படிக்கப் போகிறார் என்று தெரியாது, ஆகவே 😊 அல்லது 😄 வைத்துவிட்டால் இரண்டு தரப்புக்கும் ஒரே பொருள் போய்ச்சேரும்.

மறுபக்கமும் உண்டு. உங்களுக்கு யாராவது 🙂 போட்டால், அவர் எந்தத் தலைமுறை என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

😏, 😉 இரண்டும் பாராட்டில் வேண்டாம். கண்ணடிப்பது 'நமக்குள்ள தெரியும்ல' என்று சொல்வது. முன்பின் தெரியாதவரிடம் என்ன தெரியும்?

"எனக்கு ரெண்டு புள்ளி, மூணு புள்ளி போட்டே பழக்கம்.. அதுவும் பிரச்சினையா..?"

ஒருவர் புள்ளிகளை மூச்சு விடும் இடமாகப் பயன்படுத்துகிறார். எழுத்தைப் பேச்சு போலவே நடத்துகிறவர்களின் பழக்கம் அது, அதில் ஒரு குத்தலும் கிடையாது. இன்னொருவருக்கு அதே புள்ளிகள் சொல்லாமல் விட்ட மிச்சம். 'நல்லா எழுதியிருக்கீங்க...' என்று பார்த்ததும் அவர் மனது 'ஆனா' என்று தானாகவே முடித்துக்கொள்கிறது.

எல்லா இடத்திலும் விடச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பாராட்டுச் சொல்லுக்கு நேர் பின்னால் புள்ளிகள் வரக்கூடாது. 'படிச்சுட்டே இருந்தேன்.. நேரம் போனதே தெரியல!' என்பதில் ஆபத்தில்லை, புள்ளிகளுக்குப் பிறகு வாக்கியம் தொடர்ந்து நல்ல இடத்தில் முடிகிறது. 'சூப்பர்...' என்று அங்கேயே நிற்பதுதான் உறுத்துகிறது. வரியின் கடைசியில் என்ன நிற்கிறதோ அதுதான் படிப்பவர் காதில் தங்கும்.

"முற்றுப்புள்ளி வெச்சா கோபமா இருக்கேன்னு அர்த்தமாம். இலக்கணப்படி எழுதறது தப்பா?"

தப்பில்லை. ஆனால் இந்தப் புகார் வெறும் பிரமையும் இல்லை. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் செலியா க்ளின் குழுவினர் 2015ல் வெளியிட்ட ஆய்வில், 126 மாணவர்களுக்குச் சின்னச் சின்ன உரையாடல்களைக் காட்டினார்கள். கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது, சிலவற்றில் முற்றுப்புள்ளியோடு, சிலவற்றில் இல்லாமல். கைபேசிச் செய்தியாகக் காட்டியபோது புள்ளி வைத்த பதில் மனதார வந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். அதே உரையாடலைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் காணவில்லை.

ஆய்வு ஆங்கிலத்தில் நடந்தது, அதுவும் ஒற்றைச் சொல் பதிலில். அதை இழுத்து எல்லா வாக்கியத்துக்கும் பொருத்தக்கூடாது. இரண்டு மூன்று வாக்கியம் உள்ள கமெண்டில் புள்ளி இயல்பாகவே இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. 'அருமை.' 'சரி.' 'வாழ்த்துகள்.' என்று ஒற்றைச் சொல்லுக்குப் புள்ளி வைக்கும்போதுதான் கதவைச் சாத்தியது போல இருக்கிறது. அங்கே புள்ளியை எடுத்துவிடலாம், அல்லது இன்னொரு வாக்கியம் சேர்க்கலாம். இரண்டாவது எப்போதும் மேல்.

எமோஜி வைக்கும் இடத்தில் புள்ளி தேவையில்லை. 'ரொம்பப் பிடிச்சுது. 😊' என்பதில் புள்ளி வாக்கியத்தை முடித்துவிடுகிறது, எமோஜி பிறகு தனியாக ஒட்டிய மாதிரி நிற்கிறது. 'ரொம்பப் பிடிச்சுது 😊' ஒரே மூச்சில் போய்விடுகிறது.

"ஆச்சரியக்குறி எத்தனை போடலாம்?"

ஒன்று. மிகவும் நெருக்கமானவர் என்றால் உங்கள் இஷ்டம்.

எண்ணிக்கையைவிடப் பொருத்தம்தான் விஷயம். சாதனைக்கு ஏற்ற அளவு உற்சாகம் இருந்தால் நம்புவார்கள். ஒருவர் பல வருட உழைப்பில் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார், அங்கே மூன்று குறி யாரையும் உறுத்தாது. ஒருவர் தன் அலமாரியை அடுக்கிவைத்த படத்துக்கு 'உலக சாதனை!!!!' என்று எழுதினால், எழுதியவர் மனதில் எத்தனை அன்பு இருந்தாலும், கேலியாகத்தான் விழும். '!?' அல்லது '?!' சேர்த்து வைப்பதைப் பாராட்டில் தவிர்த்துவிடுங்கள். 'நீங்களா வரைஞ்சீங்க!?' என்பதில் 'உங்களால முடியுமா' என்ற சந்தேகம் ஒளிந்திருக்கிறது. 'நீங்களே வரைஞ்சதா! அழகு' என்றால் அந்தச் சந்தேகம் இல்லை.

"மேற்கோள் குறி? உங்க 'கவிதை' நல்லா இருந்துச்சுன்னு எழுதினேன், பிளாக் பண்ணிட்டாங்க."

அழுத்தம் கொடுக்கத்தான் வைத்திருப்பீர்கள். ஆனால் ஒரு சொல்லை மட்டும் மேற்கோளுக்குள் அடைத்தால் 'கவிதை என்று சொல்லிக்கொள்கிறீர்கள்' என்றாகிவிடும். படைப்பின் தலைப்புக்கு மட்டும் மேற்கோள் வையுங்கள். அழுத்தம் வேண்டுமானால் சொல்லை முன்னால் கொண்டுவாருங்கள்.

"சிரிப்பு வந்துச்சு, 😂 போட்டேன். என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறன்னு சண்டை."

😂 எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று அதுவே சொல்லாது. பதிவு நகைச்சுவையாக எழுதப்பட்டிருந்தால் நகைச்சுவையைப் பார்த்து. பதிவு சீரியஸாக இருந்தால், எழுதியவரைப் பார்த்து. ஃபேஸ்புக் 2016 பிப்ரவரியில் லைக்கோடு 'ஹாஹா' உள்ளிட்ட மற்ற பொத்தான்களையும் கொடுத்த பிறகு, துக்கச் செய்திக்கும் கருத்துப் பதிவுக்கும் அடியில் 'ஹாஹா' போட்டு அவமானப்படுத்துவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தக் காயம் பட்டவர்கள் 😂 பார்த்தாலே முதலில் அதைத்தான் நினைக்கிறார்கள்.

கஷ்டமான இடம் நடுவில் இருக்கிறது. ஒருவர் தனக்கு நடந்த சொதப்பலைச் சீரியஸாகவும் இல்லாமல் வேடிக்கையாகவும் இல்லாமல் சொல்கிறார். உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது எதற்குச் சிரித்தீர்கள் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்: 'அந்த லிஃப்ட் கதவு இடத்துல சிரிச்சுட்டேன் 😂 எனக்கும் இதே நடந்திருக்கு'. இரண்டாவது பாதி முக்கியம், நீங்களும் அவர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டீர்கள். அவ்வளவு எழுத நேரமில்லையென்றால் 😂 தனியாகப் போடாமல் விடுவதே மேல். 🤣 இன்னும் சத்தமான சிரிப்பு, ஆகவே இன்னும் ஜாக்கிரதை. 💀 இளையவர்களிடம் 'சிரிச்சே செத்துட்டேன்'. மற்றவர்களிடம் மண்டை ஓடு.

"🙏 👏 👍 இதெல்லாம் பாதுகாப்பானதுதானே?"

சொற்களோடு வந்தால் ஆம், தனியாக வந்தால் இல்லை.

'சொல்லித்தந்ததுக்கு நன்றி 🙏' தெளிவு. ஒருவர் நீளமாக எழுதிய கருத்துக்கு வெறும் 🙏 என்றால் 'ஆளை விடுங்க'. கைதட்டலும் அப்படித்தான்: 'கடைசி வரி 👏' பாராட்டு, வெறும் '👏👏👏' எதைக் கேட்டுத் தட்டுகிறார்கள் என்று தெரியாத கைதட்டல். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் 👏 வைப்பது அதட்டுகிற தொனி, பாராட்டில் அதற்கு வேலையில்லை. 👍 வேலை சம்பந்தமான விஷயத்தில் 'சரி, பார்த்துட்டேன்' என்று நன்றாகவே வேலை செய்கிறது. மனதைக் கொட்டி எழுதியவருக்கு அது ரசீது மாதிரி.

❤️ பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்வது அபூர்வம். அங்கே வரும் சிக்கல் வேறு, அளவுக்கு மீறிய நெருக்கம். படைப்பைச் சொல்லி அதன் பின்னால் வைத்தால் ('இந்தப் பாட்டு ❤️') அந்தச் சிக்கலும் குறையும்.

"என் போன்ல நல்லா சிரிக்கிற முகம். அவங்க போன்ல வேற மாதிரி தெரியுதாம். நிஜமா?"

நிஜம். நீங்கள் அனுப்புவது படத்தை அல்ல, ஓர் எண்ணை. அந்த எண்ணுக்கு எந்தப் படம் காட்டுவது என்பதை எதிராளியின் கருவியோ செயலியோ முடிவு செய்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016ல் வந்த ஆய்வு இதைத்தான் பார்த்தது. அப்போது 😁 மற்ற சில நிறுவனங்களின் படங்களில் பூரிப்பாகத் தெரிந்தது. ஆப்பிள் படத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது போல இருந்தது, பார்த்தவர்கள் அதற்கு எதிர்மறை மதிப்பெண் போட்டார்கள். ஆப்பிள் பிறகு அந்தப் படத்தை மாற்றிவிட்டது. இப்போது படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோல ஆகிவிட்டாலும், பழைய கருவிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரே படத்தையே பார்த்தவர்களும் அது நல்லதா கெட்டதா என்பதில் ஒத்துப்போகவில்லை.

பல் தெரிகிற முகங்களில்தான் இந்தக் குழப்பம் அதிகம். 😁 வைக்க நினைத்தால் 😄 வையுங்கள்.

சிவப்பு இதயம் கறுப்பாகப் போய்ச் சேர்வதும் உண்டு. ❤️ என்பது உண்மையில் இரண்டு குறிகள்: U+2764 என்ற இதயம், அதன் பின்னால் 'இதை வண்ணப் படமாகக் காட்டு' என்று சொல்லும் U+FE0F என்ற கண்ணுக்குத் தெரியாத குறி. இரண்டாவது உதிர்ந்துபோனால் சில கருவிகளில் வெறும் கறுப்பு இதயம் தெரியும். இரங்கல் செய்தி மாதிரி இருக்கும் அது. பிறந்தநாள் வாழ்த்தில் அப்படி ஒன்று வந்தால், அனுப்பியவரைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"குறை சொல்லும்போது மனசு நோகக்கூடாதுன்னு 😊 சேர்க்கறேன். இன்னும் கோபப்படறாங்க."

இடம் தப்பு. 'மூணாவது பத்தி இழுவையா இருக்கு 😊' என்றால் அந்தச் சிரிப்பு இழுவையைப் பார்த்துச் சிரிக்கிறது. எமோஜி தனக்கு முன்னால் இருக்கும் வாக்கியத்தோடு ஒட்டிக்கொள்ளும். குத்துகிற வாக்கியத்தோடு ஒட்டினால் அதைக் குத்தி ரசிப்பதாகிவிடும்.

சிரிப்பை நல்ல வாக்கியத்தோடு வையுங்கள், குறையை வெறுமனே, மரியாதையாகச் சொல்லுங்கள்: 'ஆரம்பமே உள்ள இழுத்துடுச்சு 😊 மூணாவது பத்தியைக் கொஞ்சம் சுருக்கினா அந்த வேகம் கடைசி வரைக்கும் நிக்கும்னு தோணுது.' குறையில் எமோஜி இல்லாததால் அது கடுமையாக ஆகவில்லை பாருங்கள். 'தோணுது' என்ற சொல்லே அங்கே அந்த வேலையைச் செய்துவிட்டது.

😅 மட்டும் விதிவிலக்கு. அது உங்கள் சங்கடத்தைக் காட்டும்போது நன்றாக இருக்கும்: 'எனக்கு ரெண்டாவது வரி புரியல, ரெண்டு தடவை படிச்சேன் 😅'. எதிராளியின் தவறுக்கு அடுத்து வைத்தால் அதுவும் கேலிதான்.

"எமோஜி சரி, புள்ளி சரி. ஆனாலும் கிண்டலாத்தான் தெரியுதுன்னு சொல்றாங்க."

அப்படியானால் விளிக்கிற சொல்லையும் ஒட்டையும் பாருங்கள். 'நல்லா இருக்கு' என்பதற்கும் 'நல்லாத்தான் இருக்கு' என்பதற்கும் எவ்வளவு தூரம்! இரண்டாவதில் ஒரு மனக்குறை தொக்கி நிற்கிறது. 'பரவாயில்லையே, நல்லாவே எழுதறீங்க' என்றால் இதுவரை எதிர்பார்க்கவில்லை என்று சொன்ன மாதிரி. 'சூப்பர் போங்க' நேரில் கொஞ்சலாகக்கூட இருக்கும், எழுத்தில் கை கழுவுவது. இவற்றின் பின்னால் எத்தனை 😊 வைத்தாலும் ஒட்டு ஜெயித்துவிடும்.

மரியாதைச் சொல் ஏறினாலும் உறுத்தும். வழக்கமாக 'நீ' என்று பேசுகிறவர் திடீரென்று 'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். புதியவரிடம் 'அறிஞரே', 'கவிஞரே', 'தலைவரே' என்று ஆரம்பிப்பதும் அப்படியே. அவர் பெயரோ, அங்கே எல்லோரும் அவரைக் கூப்பிடும் அண்ணா, அக்கா, சார், மேடமோ போதும். பெயருக்குப் பின்னால் 'அவர்களே' சேர்த்தால் மேடைப் பேச்சு ஆகிவிடும், மேடைப் பேச்சைக் கிண்டலாக எடுத்துக்கொள்வது நம் பழக்கம்.

உங்களுக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். முன்னால் வந்த நாலு பேர் அந்தப் பதிவைக் கலாய்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஐந்தாவதாக 'அருமை!' என்று எழுதினால், அதுவும் அந்த வரிசையில்தான் சேரும். அந்த மாதிரி இடத்தில் ஒரு வரி பாராட்டு போதாது. 'மத்தவங்க சொல்றதுல எனக்கு உடன்பாடில்ல' என்று தொடங்கிவிட்டு எது பிடித்தது என்று எழுதலாம். இல்லையென்றால் தனிச் செய்தியில் சொல்லிவிடலாம்.

"இவ்வளவு வம்பு எதுக்கு, எமோஜியே வேண்டாம்னு விட்டா?"

தாராளமாக விடலாம். விரல் மடிப்பு நிழல் மாதிரி ஒரு விவரம் இருந்தால் எமோஜி இல்லாமலே அன்பு தெரியும். ஒன்று மட்டும்: எப்போதும் எமோஜி போடுகிறவர் ஒருநாள் மட்டும் போடாமல் விட்டால், 'என்னாச்சு, கோபமா' என்று வரும். விடுவதென்றால் மொத்தமாக விடுங்கள்.

"தப்பா எடுத்துக்கிட்டாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? தெரிஞ்சப்புறம் என்ன செய்யறது?"

நேராகக் கேட்டுவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு 'ரொம்ப நன்றிங்க, சந்தோஷம்!' என்று எழுதியவர் உங்களுக்கு மட்டும் 'நன்றி.' அல்லது 'கருத்துக்கு நன்றி' என்று முடித்திருப்பார். அல்லது எல்லோருக்கும் பதில் சொல்லிவிட்டு உங்களைத் தாண்டிப் போயிருப்பார். இன்னும் தெளிவான அடையாளம், அவரைக் கலாய்க்கிறவர்கள் வந்து உங்கள் கமெண்டுக்கு 😂 போடுவது. அவர்கள் உங்களைத் தங்கள் ஆள் என்று நினைத்துவிட்டார்கள்.

திருத்துவதில் முதல் தப்பு, எமோஜியை அதிகமாக்குவது. 'ஐயோ இல்லீங்க 😊😊🙏🙏❤️' என்றால் கிண்டல் தொடர்வதாகவே தெரியும். இரண்டாவது தப்பு, 'நீங்கதான் தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க'. பழி அவர் தலையில் விழுகிறது. மூன்றாவது, சத்தமில்லாமல் அழித்துவிடுவது. மாட்டிக்கொண்டதால் அழித்தார் என்று ஆகிவிடும். எமோஜியே இல்லாமல், முழு வாக்கியத்தில், அதே இடத்தில் எழுதுங்கள்:

> நான் எழுதினது கிண்டல் மாதிரி படுதுன்னு இப்பதான் கவனிச்சேன், மன்னிச்சுக்கோங்க. நிஜமாவே பிடிச்சுதான் எழுதினேன். முக்கியமா பாட்டியோட கை.

வெறுமையான, நேரான எழுத்துக்கு இந்த இடத்தில் ஒரு மதிப்பு உண்டு. விளையாட்டுத் தொனியை விட்டு இறங்கி வந்து பேசுகிறார் என்று படிப்பவருக்குப் புரியும். ஒருமுறை சொன்னால் போதும். அவர் நம்பவில்லை என்றால் இரண்டாம் முறை சொல்வதால் நம்பப் போவதில்லை.

"கிண்டல்னா /s போடறாங்களே, அது மாதிரி 'இது கிண்டல் இல்ல'ன்னு காட்ட ஏதாவது குறி இருக்கா?"

சில ஆங்கிலக் குழுக்களில் /gen, /srs என்று போடுகிறார்கள், 'நிஜமாகத்தான் சொல்கிறேன்' என்ற பொருளில். தமிழ்க் கமெண்டில் பெரும்பாலோருக்கு அது புரியாது. 'சீரியஸா சொல்றேன்', 'நிஜமாவே' என்று சொல்லிவிடுவது சுலபம். அதையும் வாக்கியத்தின் தொடக்கத்தில் வையுங்கள், கடைசியில் வந்தால் சந்தேகம் வந்த பிறகு ஒட்டியதாகத் தெரியும்.

இந்தத் தேடல் புதிதில்லை. சிரிப்பு முகத்தின் தொடக்கமே இதுதான். 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், நகைச்சுவையை நகைச்சுவை என்று காட்ட `:-)` போடலாம் என்று தன் சக ஊழியர்களுக்கு எழுதினார். அங்கே எழுத்தில் சொன்ன ஜோக்குகளை நிஜம் என்று எடுத்துக்கொண்டு ரகளையாகிக்கொண்டிருந்தது. அதே செய்தியில், இப்போது போகிற போக்கைப் பார்த்தால் ஜோக் *இல்லாததற்கு* குறி போடுவதுதான் சிக்கனம், அதற்கு `:-(` வைத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்திருந்தார். அந்த இரண்டாவது குறி நாளடைவில் சோக முகமாகிவிட்டது.

"பார்வையில்லாதவங்க திரைவாசிப்பான்ல கேட்பாங்களே, அவங்களுக்கு எமோஜி எப்படிப் போய்ச் சேரும்?"

பெயராகப் போய்ச் சேரும். ஒவ்வொரு எமோஜிக்கும் ஒரு பெயர் உண்டு, திரைவாசிப்பான் அதை வாசிக்கும். 😂 ஏழு தடவை போட்டால் பல கருவிகளில் ஏழு தடவையும் கேட்க வேண்டியதுதான். அதற்குள் பாராட்டு என்னவென்றே மறந்துபோகும். வாக்கியத்தின் நடுவில் எமோஜி செருகினால் பேச்சு அங்கங்கே வெட்டுப்படும். கடைசியில் ஒன்றே ஒன்று வைத்தால் அவர்களுக்கும் தொல்லையில்லை. சொற்களே இல்லாமல் முகங்கள் மட்டும் இருக்கும் கமெண்டில் அவர்கள் காதுக்கு வருவது வெறும் பெயர்ப் பட்டியல், அதில் தொனி எதுவும் இருக்காது.